நிலுவையிலுள்ள வழக்கும் நின்றுபோன பேனாவும்

மந்திரியைக் கேட்டாலும், கம்பெனி அதிகாரியைக் கேட்டாலும், அரசாங்கக் காரியதரிசியைக் கேட்டாலும், பெரியதொரு சர்ச்சை எழுந்த சில நாட்களுக்குள் பத்திரிகை நிருபருக்குக் கிடைக்கிற விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: விஷயம் நீதிமன்றத்தின் முன் இருக்கிறது, ஆகவே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்கில்லை என்பது. நேற்று வரையில் அதே விஷயத்தைத் துருவித் துருவி எழுதி வந்த பத்தி எழுத்தாளரும், பிராது தாக்கலாகிவிட்டது என்ற செய்தி வந்தவுடன் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். விசாரணையில் இன்ன சாட்சி இன்னது சொன்னார் என்ற அளவோடு செய்திப் பக்கமும் நின்றுவிடுகிறது. வாசகர் மனத்தில் இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. இந்த மௌனம் சட்டம் விதித்த கடமையா, அல்லது கேள்விக்குத் தப்ப விரும்புகிறவர்கள் கண்டுகொண்ட புகலிடமா என்பது ஒன்று. கடமைதான் என்றால், ஊர் முழுவதையும் பாதிக்கிற ஒரு காரியத்தை, அது வழக்காகிவிட்டது என்கிற ஒரே காரணத்தால், ஊர் பேசாமலிருப்பது எவ்வளவு காலம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை காண்பதற்கு அந்த விதி எதைக் காப்பதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

நீதிஸ்தலத்தின் தீர்ப்பு, அதன் முன் வைக்கப்பட்ட சாட்சியத்தை மாத்திரமே ஆதாரமாகக் கொண்டிருக்கவேண்டும் என்பதும், அந்தச் சாட்சியம் எதிர்த்தரப்பாரின் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும் என்பதுந்தான் அடிப்படை. வெளியிலே எழுதப்படுகிற எழுத்து இந்த ஒழுங்கை மூன்று இடங்களில் குலைக்கக்கூடும். தீர்ப்புச் சொல்லவேண்டியவர்களின் மனத்தில், யாரும் குறுக்கு விசாரணை செய்யாத ஒரு கதையை அது முன்னதாகவே குடியேற்றிவிடலாம். சாட்சி சொல்ல வருகிறவர், தாம் கண்ணால் கண்டதையும் பத்திரிகையில் படித்ததையும் பிரித்துணர முடியாதபடி அவர் ஞாபகத்தைக் கலக்கிவிடலாம். வழக்காடுகிற கட்சிக்காரரை ஊரார் தூற்றும்படி செய்து, சட்டப்படி தமக்குள்ள வாதத்தைக் கைவிடும்படியோ, நியாயமற்ற ராஜிக்கு இணங்கும்படியோ அவரை நெருக்கலாம். குற்ற வழக்கிலே இந்த ஆபத்துக்கள் எவ்வளவு ஸ்தூலமானவை என்பதற்கு நம் நாட்டு நடைமுறையிலிருந்தே உதாரணம் காட்டலாம். கைதியானவர் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று நம் சாட்சியச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. நீதிபதி படிக்கவே கூடாத அந்த வாக்குமூலத்தைத்தான், 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்ற தலைப்போடு, ஊரார் எல்லோரும் காலையில் படித்துவிடுகிறார்கள். அடையாள அணிவகுப்பு நடைபெறுவதற்கு முன்னால் கைதியின் புகைப்படம் பிரசுரமாகிவிட்டால், சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவ ஸ்தலத்தில் கண்ட முகத்தையா, பத்திரிகையில் கண்ட முகத்தையா என்பதைப் பிறகு எந்த வக்கீலாலும் பிரித்தெடுக்க முடியாது.

இந்தக் காரணங்களை மறுப்பதற்கில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட விசாரணைக்கு ஏற்படக்கூடிய ஒரு குறிப்பிட்ட கேட்டைப் பற்றியவை. ஒரு விஷயத்தைப் பற்றியே பேசக்கூடாது என்பதற்கான காரணங்கள் அல்ல. இந்த வேற்றுமையை மறந்து, வழக்கைக் காக்கவேண்டிய விதி விஷயத்தையே மூடிவிடுகிற திரையாக மாறினால் என்ன நேரும் என்பதை, இங்கிலாந்தில் தாலிடோமைடு என்ற மருந்தைப் பற்றி நடந்த வியவகாரம் காட்டுகிற அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை. நமது அவமதிப்புச் சட்டமும் அந்நாட்டு நீதிமன்றங்களின் மரபிலே வளர்ந்ததாகையால், அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம்.

மேற்கு ஜெர்மனியில் கெமி குரூனன்தால் என்ற கம்பெனி உருவாக்கிய இந்த மருந்து, தூக்கத்தையும் மன அமைதியையும் தருவது, கெடுதல் இல்லாதது என்ற பெயரோடு 1957-ஆம் ஆண்டில் அங்கே விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் அதற்கு உரிமை பெற்றவர்கள், மது வடிப்பதில் பெரும் பெயர் பெற்றிருந்த டிஸ்டில்லர்ஸ் கம்பெனியின் மருந்துக் கிளையினர். 'டிஸ்டவால்' என்ற பெயரில் 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் அவர்கள் அதை விற்றார்கள். கர்ப்பிணிகள் பலர் அதை உட்கொண்டார்கள். கருவுற்ற தொடக்க வாரங்களில், சிசுவின் அவயவங்கள் உருவாகின்ற அந்தச் சில நாட்களில், மருந்து தாயின் உடம்பிலிருந்தால், பிறக்கிற குழந்தைக்குக் கைகளோ கால்களோ வளராமலே போயின. தோளிலிருந்தே விரல்கள் முளைத்த குழந்தைகளும், கண்ணும் செவியும் பழுதான குழந்தைகளும் பிறந்தார்கள். 1961-ஆம் ஆண்டின் இறுதியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பிரிட்டனில் மாத்திரம் ஏறத்தாழ 450 குழந்தைகள் இவ்விதம் பிறந்திருந்தன.

முதல் பிராது 1962-ஆம் ஆண்டில் தாக்கலாயிற்று. கம்பெனி அஜாக்கிரதையாக நடந்துகொண்டதா, சந்தைக்கு அனுப்புவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளைச் செய்ததா என்பதே வழக்கின் சாரம். கருவிலிருக்கும் சிசுவுக்கு இழைக்கப்பட்ட தீங்குக்காகப் பிற்பாடு வழக்காட முடியுமா என்பதும் அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தில் தெளிவாகாமல் இருந்தது. இவ்விரண்டு சந்தேகங்களின் நடுவே, தோற்றுவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்ற அச்சத்தோடு பேரம் பேசவேண்டியவர்களாகப் பெற்றோர்கள் இருந்தார்கள். 1968-ஆம் ஆண்டில் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் ராஜியில் முடிந்தன. அஜாக்கிரதை என்ற குற்றச்சாட்டைக் கைவிடுகிறோம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால், முழு வெற்றி பெற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையில் நூற்றுக்கு 40 பங்கு தரப்படும் என்பது நிபந்தனை. இதற்குப் பிறகு வேறு பல குடும்பங்களும் முன்வர, 1971-ஆம் ஆண்டில் 389 கோரிக்கைகள் நிலுவையில் நின்றன. கம்பெனி 32½ லட்சம் பவுன் கொண்ட ஒரு தர்மநிதியை ஏற்படுத்துவதாகச் சொல்லி, பெற்றோர் அனைவரும் ஒருமுகமாக அதை ஏற்கவேண்டும் என்று விதித்தது; ஐந்து குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். அவர்களை விலக்கிவிட்டு அவர்களுடைய குழந்தைகளின் சார்பில் வேறொருவரை நியமிக்கவேண்டுமென்று மற்றவர்கள் செய்துகொண்ட விண்ணப்பத்தை 1972-ஆம் ஆண்டு ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் நிராகரித்தது. குழந்தைகளில் மூத்தவர்களுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயதுக்கு மேலாகிவிட்டது. அஜாக்கிரதை என்ற கேள்வியை விசாரிப்பதற்கு ஒரு நாள்கூட எந்த நீதிமன்றமும் கூடவில்லை.

இவ்வளவு காலமும் பத்திரிகைகள் பெரும்பாலும் வாய் மூடியே இருந்தன. பிராது தாக்கலாகியிருக்கிறது என்ற ஒன்றே அதற்குக் காரணமாயிற்று. ஆங்கில மரபிலே வழக்கு 'நிலுவையில்' இருப்பதற்கு அது விசாரணைக்கு வந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாக்கலானதிலிருந்து தீர்ப்பு வரையில் அது உறங்கினாலும் விழித்தாலும் நிலுவைதான். பார்லிமெண்டிலும் அதே நிலை இருந்தது: கேள்வி கேட்கவும் விவாதம் எழுப்பவும் அங்கத்தினர்கள் பன்முறை முயன்றபோது, நீதிமன்றத்தின் முன்னுள்ள விஷயம் என்று சொல்லிச் சபாநாயகர் அனுமதி மறுத்துவந்தார்.

'ஸண்டே டைம்ஸ்' பத்திரிகையின் ஆசிரியராயிருந்த ஹெரால்டு எவன்ஸ் இந்த மௌனத்தை உடைப்பது என்று தீர்மானித்தார். 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி வெளிவந்த கட்டுரை, இந்தக் குழந்தைகளின் நிலை தேசத்துக்கே வெட்கக்கேடு என்ற பொருளில் தலைப்பிடப்பட்டிருந்தது. அதன் நுட்பம் கவனிக்கத்தக்கது. கம்பெனி அஜாக்கிரதையாக இருந்தது என்று அது சொல்லவில்லை. சட்டப்படி பொறுப்பு இருப்பினும் இல்லாவிடினும், தர்மப்படி உள்ள பொறுப்பைக் கம்பெனி யோசித்துப் பார்க்கவேண்டும் என்றும், நஷ்டஈட்டைக் கணக்கிடுகிற சட்டம் திருந்தவேண்டும் என்றும் வாதித்தது. பத்து வருஷங்களில் பரப்பிக் கொடுப்பதாகச் சொல்லப்பட்ட 32½ லட்சம் பவுனை, வரிக்கு முன் 6 கோடியே 48 லட்சம் பவுனாக இருந்த கம்பெனியின் முந்தைய ஆண்டு லாபத்தோடும், 42 கோடியே 10 லட்சம் பவுன் பெறுமானமுள்ள அதன் சொத்தோடும் ஒப்பிட்டுக் காட்டியது. இந்த விபரீதம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராயும் வேறொரு கட்டுரை பின்னால் வரும் என்று அடிக்குறிப்பும் இட்டது.

கம்பெனியார் அட்டர்னி ஜெனரலிடம் முறையிட்டார்கள். வெளிவந்துவிட்ட கட்டுரையின் மீது அவர் நடவடிக்கை எடுக்கவில்லை. வரவிருந்த கட்டுரையின் கைப்பிரதியைப் பத்திரிகையே அவருக்கு அனுப்பிவைத்தபொழுது, அதைத் தடுக்கவேண்டுமென்று அவர் நீதிமன்றத்தை நாடினார். அந்தக் கைப்பிரதியோ முற்றிலும் வேறுவிதமானது; ஜெர்மானியக் கம்பெனி செய்த சோதனைகளையே டிஸ்டில்லர்ஸ் நம்பியிருந்ததையும், கருவிலுள்ள சிசுவின் மீது மருந்து என்ன செய்யும் என்பதைத் தாங்களே சோதித்துப் பாராமல் விற்பனைக்கு அனுப்பியதையும் சான்றுகளோடு அடுக்கி, கம்பெனி தரப்பில் சொல்லக்கூடிய சமாதானத்தையும் எடுத்துக்காட்டி எழுதப்பட்டது. எந்த வினாவுக்கு நீதிபதி விடை சொல்லவேண்டுமோ, அந்த வினாவுக்கான சாட்சியம் முழுவதையும் வாசகர் முன் வைக்கிற எழுத்து அது என்பதில் ஐயமில்லை.

நவம்பர் 17-ஆம் தேதி, பிரதம நீதிபதி லார்டு விட்ஜரி தலைமையில் அமர்ந்த நீதிமன்றம் தடையுத்தரவுக்கு இணங்கியது. கட்சிக்காரரைத் தம் வாதத்தை விட்டுக்கொடுக்கும்படி நெருக்குகிற எழுத்து அது என்பது அவர்கள் கொண்ட காரணம். பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு, ஜாக் ஆஷ்லி என்ற அங்கத்தினர் கொண்டுவந்த தீர்மானத்தின் மீது பார்லிமெண்டில் விவாதம் நடந்தேவிட்டது. 1973 பிப்ரவரியில் லார்டு டென்னிங்கும் அவருடைய சகாக்களும் தடையை நீக்கினார்கள். வழக்குப் பல ஆண்டுகளாக உறங்கிக் கிடக்கையில், பொது நன்மைக்கு உரிய விஷயத்தை அதன் பெயரால் பேசாமல் தடுப்பதற்கில்லை என்பதும், மக்கள் சபையில் பேசப்பட்டுவிட்ட விஷயத்தைப் பத்திரிகையில் பேசக்கூடாது என்பது பொருந்தாது என்பதும் அவர்கள் கருத்து. அதே ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஏகமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றித் தடையை மீண்டும் விதித்தார்கள்.

அந்த ஐவரின் முடிவு ஒன்றேயாயினும் காரணங்கள் ஒன்றல்ல. கட்டுரையாளர்கள் இன்றுவரை தடுமாறுகிற இடமும் அதுவே. வழக்காடுகிறவரைச் சட்டபூர்வமான உரிமையை வலியுறுத்தாதே என்று நிதானமாகவும் நியாயமாகவும் வற்புறுத்துவது அவமதிப்பாகாது, ஆகவே செப்டம்பர் கட்டுரையில் தவறில்லை என்று லார்டு ரீட் கருதினார். ஊரார் முன் கட்சிக்காரரைப் பழிக்கு ஆளாக்குவதே நீதியை நாடி வருகிறவர்களை அஞ்சியோடச் செய்யும் என்று லார்டு டிப்ளாக் போன்றவர்கள் கருதினார்கள். ஆனால் வரவிருந்த கட்டுரை, நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்வியையே முந்திக்கொண்டு தீர்க்கிறது என்பதில் லார்டு ரீட்டுக்கும் சந்தேகம் இல்லை. அவர் அஞ்சியது ஒரு பொறுப்புள்ள பத்திரிகையின் நிதானமான ஆராய்ச்சியைக் கண்டு மாத்திரமல்ல; அதை அனுமதித்தால், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அவசர அவசரமாகத் தீர்ப்புச் சொல்லுகிற மற்றவர்களையும் அனுமதிக்கவேண்டிவரும், பிறகு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு ஜனங்களிடையே மதிப்பு எஞ்சாது என்பதே அவருடைய பயம். இந்தப் பயத்தை அற்பமென்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மாலையிலும் தொலைக்காட்சியில் ஒரு குற்றவாளி நிர்ணயிக்கப்படுகிற நம் நாளில் அது அவர் நினைத்ததைவிட நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த வைத்தியத்தை இந்த நோயாளிக்குக் கொடுத்தது சரியா என்பதே கேள்வி.

நடந்ததைப் பார்த்தால் சரியில்லை என்றே சொல்லவேண்டியிருக்கிறது. தடை நீடித்துக்கொண்டிருந்தபோதே, பார்லிமெண்டிலும் பங்குதாரர்களிடையிலும் எழுந்த கொந்தளிப்பின் பயனாக, 1973-ஆம் ஆண்டு ஜனவரியில் கம்பெனி தன் தொகையை 2 கோடி பவுன் வரைக்கும் உயர்த்திவிட்டது. அதாவது, எந்த நெருக்குதலைத் தடுக்கவேண்டும் என்று நீதிமன்றம் எண்ணியதோ அதுதான் குழந்தைகளுக்கு ஓரளவு நியாயம் தேடித் தந்தது. ஜூலை மாத இறுதியில் பெரும்பாலான வழக்குகள் ராஜியில் முடிந்துவிட்டன. ஆனால் எஞ்சியிருந்த ஒரு சில வழக்குகளைச் சுட்டி, விசாரணைக்கே வராத அவற்றின் பொருட்டு, தடையுத்தரவு மேலும் மூன்று ஆண்டுகள் அமலில் இருந்தது. 1976-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி அது ரத்தாயிற்று. நான்கு நாட்கள் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. காக்கப்படவேண்டிய விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

பத்திரிகையார் ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 1979-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி அது அளித்த தீர்ப்பில் பதினொரு நீதிபதிகள் ஒருபுறமும் ஒன்பது நீதிபதிகள் மறுபுறமும் நின்றது, கேள்வி எவ்வளவு கடினமானது என்பதற்குச் சாட்சி. நீதிமன்றத்தின் மதிப்பைக் காப்பது நியாயமான நோக்கமே என்பதைப் பெரும்பான்மையோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கருத்து வெளியீட்டைத் தடுக்கிற அளவுக்கு அந்த நோக்கம் இந்தச் சந்தர்ப்பத்தில் வலியுறவில்லை என்றும், பெருந்துயரில் சிக்கிய குடும்பங்களுக்கு அதன் காரணங்களை அறிந்துகொள்வதில் உயிர்நிலையான அக்கறை உண்டு என்றும் அவர்கள் தீர்த்தார்கள். இதன் விளைவாகவும், முன்னரே பில்லிமோர் குழு செய்திருந்த சிபாரிசுகளின் விளைவாகவும் இயற்றப்பட்டதே 1981-ஆம் ஆண்டின் ஆங்கில அவமதிப்புச் சட்டம்.

அச்சட்டம் செய்த மாற்றங்களில் இரண்டைச் சொன்னால் போதும். வழக்கு 'உயிரோடிருக்கிற' காலம் இன்னதென்று அது வரையறுத்தது: குற்ற வழக்கிலே கைதோ வாரண்டோ முறையான குற்றச்சாட்டோ நேர்ந்தது முதல், சிவில் வழக்கிலே பிராது தாக்கலானது முதல் அல்ல, விசாரணைக்கான ஏற்பாடுகள் செய்யப்பட்டு நாள் குறிக்கப்படுகிற கட்டம் முதல். விசாரணை பாழாகும்படியான கணிசமான ஆபத்து, அதுவும் கடுமையான கேட்டை விளைக்கும் ஆபத்து, இருந்தால்தான் குற்றம் என்றும் அது விதித்தது. பொது விஷயத்தை நேர்மையாக விவாதிக்கையில் ஒரு வழக்குக்குத் தற்செயலாக ஊறு நேர்ந்தால் அது அவமதிப்பாகாது என்பதற்கும் அதிலே தனி இடம் வைத்தார்கள். அந்த இடத்துக்குச் சோதனை உடனே வந்துவிட்டது. மனவளர்ச்சிக் குறைவோடு பிறந்த சிசு ஒன்று உயிர் பிழைக்காதபடி விட்டார் என்று லியோனார்டு ஆர்தர் என்ற டாக்டரின் மீது 1981 அக்டோபரில் ஜூரிகள் முன் விசாரணை நடந்துகொண்டிருந்தபொழுது, மால்கம் மகரிட்ஜ் என்ற பிரபல எழுத்தாளர், ஊனத்தோடு பிறக்கும் குழந்தைகளின் உயிருரிமைக்காகத் தேர்தலில் நின்ற ஒரு பெண்மணியை ஆதரித்து 'டெய்லி மெயில்' பத்திரிகையில் எழுதினார். விசாரணையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, ஆயினும் இப்படிப்பட்ட சிசுக்கள் இன்று பிழைக்க விடப்படுவதில்லை என்ற கருத்து இருந்தது. ஜூரிகளின் மனத்தை அது தொடக்கூடும் என்பதைப் பிரபுக்கள் சபை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டும், அந்த ஆபத்து விவாதத்தின் தற்செயலான பக்க விளைவேயன்றி அதன் குறி அல்ல என்று விடுவித்தது. உயிரோடிருக்கும் விசாரணையின் நடுவிலேயே கருத்துரையாளர் அந்த விஷயத்தைப் பற்றி எழுதலாம், வழக்கைப் பற்றி எழுதாதவரையில், என்ற நிலை இப்படி ஏற்பட்டது.

நம் நாட்டிலே இன்றைக்கும் அமலிலுள்ளது 1971-ஆம் ஆண்டின் சட்டம். அதன்படி சிவில் வழக்கு பிராது தாக்கலான கணத்திலேயே நிலுவைக்கு வந்துவிடுகிறது. குற்ற வழக்கோ, குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது அல்லது நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ பிறப்பிக்கும்போது வருகிறது. ஆகவே ஒருவர் கைதாகி, குற்றப்பத்திரிகை தாக்கலாகாமல் இருக்கிற காலத்தில், பாதுகாப்பு மிகவும் வேண்டியிருக்கிற அந்த வாரங்களில்தான், சட்டத்தின் கை எட்டாத இடைவெளி விழுகிறது. வாக்குமூலமும் புகைப்படமும் பத்திரிகைக்கு வந்து சேர்வது அந்த இடைவெளியில். 2006-ஆம் ஆண்டில் சட்டக் கமிஷன் தன் 200-ஆவது அறிக்கையில், குற்ற வழக்குகளைக் கைதிலிருந்தே நிலுவையில் உள்ளவையாகக் கொள்ளவேண்டும் என்று சிபாரிசு செய்தது. சட்டத்தின் வாசகம் பழையபடியே இருக்கிறது. மறுபுறத்தில், தீர்ப்புச் சொல்லியானாலும் அப்பீலின் காலக்கெடு கழியும் வரையிலும், அப்பீல் செய்யப்பட்டால் அது முடியும் வரையிலும், வழக்கு நிலுவையே. பொதுக் கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்த ஆலையின் மீது ஒருவர் சிவில் வழக்குத் தொடுத்தால், அது கீழ்க் கோர்ட்டிலிருந்து மேல் கோர்ட்டுக்கு ஏறி முடிகிற வரையில், ஒரு தலைமுறையே கழிந்துவிடக்கூடும்.

நமது நீதிமன்றங்கள் இந்த விதியை எவ்வளவு தீவிரமாக அமல்படுத்தக்கூடும் என்பதற்குப் பேர்போன உதாரணம் மேற்கு வங்காள முதல் மந்திரியாயிருந்த பிரபுல்ல சந்திர சென்னின் வழக்கு. பாலைத் திரித்து இனிப்புப் பண்டங்கள் செய்வதைக் கட்டுப்படுத்தி 1965-ஆம் ஆண்டில் அந்த அரசாங்கம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ரசகுல்லாவும் சந்தேஷும் இல்லாத கல்கத்தாவை நினைத்துப் பார்த்தால் அதன் பாரதூரம் விளங்கும். உத்தரவை எதிர்த்து ஹைகோர்ட்டில் ரிட் மனு நிலுவையிலிருந்தபோது, நவம்பர் 25-ஆம் தேதி முதல் மந்திரி ரேடியோவில் பேசி, தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பால் வேண்டும் என்று உத்தரவை நியாயப்படுத்தினார். ஓர் அரசாங்கத் தலைவர் தம் கொள்கையை மக்களுக்கு விளக்கியது அவமதிப்பாகுமா என்று கேட்கத் தோன்றும். ஆகும் என்று ஹைகோர்ட்டு சொல்லிற்று. 1968-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. பேசியவரின் எண்ணம் என்ன என்பதல்ல கேள்வி, பேச்சின் போக்கு நீதி நிர்வாகத்தில் குறுக்கிடக்கூடியதா என்பதே கேள்வி என்பது அத்தீர்ப்பின் சாரம். இங்கே பேச்சின் பாரம், எழுத்தாளர் ஒருவருடையதைப்போல் அல்லாமல், வழக்கில் எதிர்த்தரப்பாகிய அரசாங்கத்தின் தலைமையிலிருந்து, அதன் சக்தி வாய்ந்த ரேடியோவின் மூலம், மனுச் செய்த வியாபாரிகளின் மீது இறங்கியது என்பதை நாம் மறக்கக்கூடாது. வழக்காடுகிறவரே எதிரியைப் பற்றி ஊருக்கு உபதேசிப்பது ஒன்று. மூன்றாவது மனிதர் விஷயத்தை ஆராய்வது வேறு.

பிற்காலத் தீர்ப்புகள் இந்தத் தராசை மெல்லச் சாய்த்திருக்கின்றன. 1988-ஆம் ஆண்டில் ரிலையன்ஸ் பெட்ரோகெமிக்கல்ஸ் கம்பெனியின் கடன் பத்திர வெளியீட்டைப் பற்றி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகை எழுதக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டே முதலில் விதித்த தடையை, நீதிக்கு மெய்யான உடனடி ஆபத்து இல்லை என்று கண்டு, அதே கோர்ட்டு நீக்கிற்று. 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில், சஹாரா கம்பெனி சம்பந்தமான வழக்கில், ஐந்து நீதிபதிகளைக் கொண்ட பெஞ்சு, விசாரணைக்கு மெய்யான, கணிசமான ஆபத்து இருக்கையில், வேறு வழியில்லாதபோது மாத்திரம், குறுகிய காலத்துக்குப் பிரசுரத்தை ஒத்திவைக்க உத்தரவிடலாம் என்றது. 2006-ஆம் ஆண்டின் திருத்தமோ, நீதியின் போக்கில் கணிசமாகக் குறுக்கிட்டால் ஒழிய அவமதிப்புக்குத் தண்டனை இல்லை என்கிறது. தண்டனையின் உச்சம் ஆறு மாத வெறுங்காவல், அபராதம் 2,000 ரூபாய். குற்ற வழக்கில் ஜூரி முறை 1973-ஆம் ஆண்டு விதிகளோடு நம்மிடமிருந்து போய்விட்டதால், தீர்ப்பாளர் மனம் கெடும் என்ற பழைய பயமும் ஆங்கில நாட்டில் உள்ளதைவிட இங்கே குறைவாக இருக்கவேண்டும். சாட்சிகளைப் பற்றிய பயம் மட்டுமே குறையவில்லை.

அப்படியிருந்தும் நம் பத்திகள் மௌனமாகின்றன. அவற்றுள் பாதிக்குக் காரணம் சட்டம் அல்ல, வக்கீலின் யோசனை: விளைவு என்னவாகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, பேசாதிருப்பதே செலவில்லாதது. சொத்துள்ள கட்சிக்காரர் இதை நன்றாக அறிவார். தம்மைப் பற்றி எழுதப்படுவதாகத் தெரிந்தவுடன் ஒரு பிராதைத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு அதை நடத்துவதில் அவசரம் காட்டாமல் விட்டுவிடுகிறார். ஆகவே நிலுவை வழக்கைப் பற்றி எழுதவேண்டிய ஒவ்வொரு கட்டுரையாளரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டியது, வழக்கு இருக்கிறதா என்பதை மாத்திரமல்ல, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் சாட்சி சொல்லவேண்டியவர் யார், நான் எழுதுவது நீதிபதி தீர்க்கவேண்டிய அந்த ஒரு வினாவுக்கு விடையா அல்லது அதைச் சூழ்ந்த விஷயமா என்பதையும்தான். கைதியின் வாக்குமூலத்தையும், அவருடைய பழைய தண்டனைகளையும், வரவிருக்கும் சாட்சியின் பேட்டியையும் குற்றப்பத்திரிகைக்கு முன்னும் பின்னும் ஒதுக்குவதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. நடைபெறுகிற விசாரணையை நேர்மையாகவும் துல்லியமாகவும் அறிக்கையிடுவதற்குச் சட்டமே இடங்கொடுத்திருக்கிறது. ஆலையின் கழிவு நீருக்கு என்ன விதி இருக்கிறது, அந்த விதி ஏன் அமலாகவில்லை, இத்தகைய நஷ்டத்துக்கு ஈடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பனவற்றை வழக்கு நிலுவையிலிருக்கையிலேயே எழுதவேண்டும். 'ஸண்டே டைம்ஸ்' செப்டம்பரில் எழுதியது அந்த வகைதான்.

சிவில் வழக்கு நிலுவைக்கு வருகிற கணத்தைப் பிராது தாக்கலிலிருந்து நகர்த்தி, கோர்ட்டு எழுவினாக்களை வகுத்துச் சாட்சி விசாரணைக்கு நாள் குறிக்கிற கட்டத்துக்குக் கொண்டுபோவதும், குற்ற வழக்கு நிலுவைக்கு வருகிற கணத்தைக் குற்றப்பத்திரிகையிலிருந்து பின்னுக்கு இழுத்துக் கைதின் நாளிலேயே நிறுத்துவதும், 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாவது பிரிவுக்குக் கீழே உள்ள விளக்கவுரையில் சில வரிகளை மாற்றினால் முடிகிற காரியங்கள். முதலாவது, உறங்குகிற பிராதின் பெயரால் வாய் அடைக்கப்படுகிற ஊரைப் பேசவிடும். இரண்டாவது, இன்னும் வக்கீலைக்கூடச் சந்தியாத கைதிக்கு, காலைப் பத்திரிகை வீட்டுத் திண்ணைக்கு வருவதற்கு முன்னால், ஒரு காப்பைத் தரும்.